பிடிஎஃப் மாத்தினதும் கையெழுத்து இருந்த இடத்துல கருப்புக் கட்டம், உங்களுக்கு வந்திருக்கா?

ராத்திரி டைப்பிஸ்ட்:
ஆபீஸ் லெட்டர் எல்லாத்துக்கும் ஒரு டெம்ப்ளேட் இருக்கு, மேல லோகோ, கீழ மேனேஜர் கையெழுத்து, ரெண்டுமே பின்னணி அழிச்ச பிஎன்ஜி. எக்ஸ்போர்ட் பண்ணா பிடிஎஃப் பளிச்சுனு வரும், பிரிண்ட்டும் சரியா வரும். இப்ப புதுசா எல்லா லெட்டரையும் ஒரு ஆவணக் காப்பு சிஸ்டத்துல ஏத்தச் சொல்லிட்டாங்க. ஏத்துறப்ப நல்லாத்தான் இருக்கு, அங்க இருந்து திரும்ப இறக்கினா கையெழுத்து இருந்த இடத்துல கரேல்னு ஒரு செவ்வகம். உள்ள ஒரு கோடு கூட தெரியல, எவ்வளவு ஜூம் பண்ணாலும் கருப்புதான்.

இதுல எனக்குப் புரியாதது என்னன்னா லோகோவுக்கும் சுத்தி கருப்பு வந்திருக்கு, ஆனா ஆரஞ்சு எழுத்து அப்படியே தெரியுது. ஒரே ஃபைல், ஒரே சிஸ்டம், ஒண்ணு முழுசா போச்சு இன்னொண்ணு பாதி போச்சு. யாராச்சும் பட்டிருந்தா சொல்லுங்க.

கீபோர்டு குமாரு:
ப்ரோ எனக்கும் இதே தான், போன் கேலரில கையெழுத்தத் தொறந்தா முழுக்க கருப்பு, டார்க் மோட ஆஃப் பண்ணேன் சரியாயிடுச்சு. நீங்களும் ஆஃப் பண்ணிப் பாருங்க.

ராத்திரி டைப்பிஸ்ட்:
இல்ல ப்ரோ, எந்த வியூவர்ல தொறந்தாலும் கருப்பு, பிரிண்ட் எடுத்தாலும் கருப்பு. மை தான் காலியாகுது.

பிக்சல் பாண்டி:
பிஎன்ஜியே வேணாம்ங்க, எல்லாத்துக்கும் ஜேபிஜி போடுங்க பிரச்சனையே வராது. ஜேபிஜில ட்ரான்ஸ்பரன்ட் சமாச்சாரமே கிடையாது, அப்புறம் எங்க இருந்து கருப்பு வரும். நான் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்றேன்.

லேஅவுட் லோகு:
பாண்டி சொல்றதுல பாதி சரி. ஜேபிஜில ட்ரான்ஸ்பரன்ட் கிடையாதுங்கறது உண்மை, ஆனா பிஎன்ஜிய ஜேபிஜியா மாத்துற அந்த நிமிஷத்துலயே கருப்பு வந்துடலாம், எந்த சாஃப்ட்வேர்ல மாத்துறீங்கங்கறதப் பொறுத்து. அது வெள்ளைய நிரப்பிட்டு மாத்துச்சுன்னா தப்பிச்சோம், எந்த இடம் தெரியணும்னு குறிச்சு வைக்கிற ஆல்ஃபாவ சும்மா உதறிட்டு மாத்துச்சுன்னா அதே கருப்புக் கட்டம் தான்.

டைப்பிஸ்ட் கேட்ட அந்த லோகோ விஷயத்துலயே விடை இருக்கு. பிடிஎஃப் உள்ள ட்ரான்ஸ்பரன்ட் படம் ஒரே படமா இருக்காது, ரெண்டா பிரிஞ்சு இருக்கும், ஒண்ணு வெறும் கலர், இன்னொண்ணு எங்க தெரியணும் எங்க தெரியக்கூடாதுன்னு சொல்ற கிரே படம், அதுக்குப் பேர் சாஃப்ட் மாஸ்க். முழுக்க கரி பூசின தாள் மேல கையெழுத்து வடிவத்துல ஓட்டை வெட்டின அட்டைய வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. உங்க மேனேஜர் கருப்பு மைல போட்டிருக்கார், அழிச்ச இடத்துலயும் கலர் எண் பெரும்பாலும் பூஜ்யம், அதாவது கருப்பு. அப்ப கலர் படம் முழுக்கவே கருப்பு செவ்வகம் தான், கையெழுத்தோட வடிவம் மாஸ்க்ல மட்டும்தான் இருக்கு. மாஸ்க் போனா கையெழுத்து மொத்தமா போச்சு. லோகோ ஆரஞ்சுங்கறதால மாஸ்க் போனாலும் எழுத்து மிஞ்சுது. யாரும் கருப்ப புதுசா கொண்டு வந்து வைக்கல, அது முதல்ல இருந்தே அடில இருந்துச்சு.

நிச்சயம் பண்ணிக்கணும்னா பாப்ளர்னு ஒரு டூல் தொகுப்பு இருக்கு, அதுல இத அடிங்க, ஏத்துறதுக்கு முன்னாடி உள்ள ஃபைலுக்கு ஒரு தடவ, திரும்ப இறக்கினதுக்கு ஒரு தடவ:

```
pdfimages -list letter.pdf
```

type நெடுவரிசைல image அடுத்து smask னு ஒரு வரி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

சும்மா ஒருத்தி:
என் கதை வேற மாதிரி. வேலைக்கு அனுப்புற ரெஸ்யூமேல என் போட்டோ, பின்னாடி ஜன்னல்ல துணி காய்ஞ்சுட்டு இருந்துச்சு அத கிம்ப்ல உக்காந்து அழகா அழிச்சு பிஎன்ஜியா வச்சேன். ஒரு கம்பெனி அப்ளிகேஷன் தளத்துல ஏத்திட்டு பிரிவ்யூ பாத்தா ஜன்னல் துணி எல்லாம் திரும்ப வந்து நிக்குது!! நான் அழிச்சதே பொய்யான்னு ஆயிடுச்சு, அப்புறம் அந்த போட்டோவையே தூக்கிட்டேன். லோகு அண்ணா சொல்றதப் பாத்தா இதுவும் அதேதானா?

லேஅவுட் லோகு:
அதேதான் தங்கச்சி. கிம்ப்ல அழிக்கிறப்ப பல சமயம் ஆல்ஃபா மட்டும் பூஜ்யமாகும், அடில இருக்க கலர் அப்படியே கிடக்கும். பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்றப்ப "Save color values from transparent pixels" னு ஒரு டிக் வரும், அது போட்டிருந்தா ஜன்னலும் ஃபைலுக்குள்ள போகும். மாஸ்க் உதிர்ந்த உடனே வெளிய தெரிஞ்சுடும். ஆளுங்க முகத்த மறைக்க, நம்பர மறைக்க ட்ரான்ஸ்பரன்ட்டா அழிக்கிறவங்க இத கண்டிப்பா கவனிக்கணும், அழிஞ்சது கண்ணுக்கு மட்டும்தான்.

ராத்திரி டைப்பிஸ்ட்:
அண்ணா அடிச்சுப் பாத்தேன். ஏத்துறதுக்கு முன்னாடி உள்ளதுல கையெழுத்துக்கு மட்டும் வந்த வரிகள் (பாதி நெடுவரிசைய வெட்டிட்டேன்):

```
type   width height color  size
image    600    200 rgb    373B
smask    600    200 gray  9120B
```

திரும்ப இறக்கினதுல smask வரியே இல்ல, image மட்டும் நிக்குது. அப்புறம் அந்த கலர் படம் 600க்கு 200 இருந்தும் நானூறு பைட் கூட இல்ல, மாஸ்க் ஒன்பதாயிரம் பைட். நீங்க சொன்ன கரித்தாள் இதானா?

லேஅவுட் லோகு:
அதேதான், ஒரே கலர் நிரம்பின படம் சுருங்கி அவ்ளோதான் ஆகும். வேலை எல்லாம் மாஸ்க்ல இருக்கு. இப்ப இறக்கின ஃபைல அக்ரோபாட் ரீடர்ல தொறங்க, மேல நீலப் பட்டைல PDF/A னு ஏதாச்சும் சொல்லுதா?

ராத்திரி டைப்பிஸ்ட்:
ஆமா சொல்லுது. ப்ராப்பர்ட்டீஸ்ல PDF/A-1b னு இருக்கு.

லேஅவுட் லோகு:
அப்ப குற்றவாளி மாட்டிட்டான். PDF/A-1 ஆவணக் காப்புக்குன்னு 2005ல வந்த தரம், அதுல ட்ரான்ஸ்பரன்சியே கூடாது, சாஃப்ட் மாஸ்க் இருந்தா செக்கர்ல ஃபெயில். 2011ல வந்த PDF/A-2 அத அனுமதிச்சுடுச்சு. உங்க சிஸ்டம் ஏத்துற ஃபைல 1bக்கு மாத்துது. ஒழுங்கான கன்வர்ட்டரா இருந்தா படத்தையும் அதுக்கு அடில இருக்க தாளையும் கலந்து ஒரே படமா ஆக்கிட்டு அப்புறம் மாஸ்க்க எடுக்கணும். இது கலக்காம மாஸ்க்க மட்டும் பிச்சு எறிஞ்சிருக்கு. விதிப்படி ஃபைல் பாஸ், பாக்கிறவன் கண்ணு தான் ஃபெயில்.

சிஸ்டம் உங்க கைல இல்லன்னா நீங்களே முன்கூட்டி வெள்ளைய நிரப்பிடுங்க, இமேஜ்மேஜிக் இருந்தா ஒரே வரி:

```
magick sign.png -background white -alpha remove -alpha off sign-white.png
```

லோகோவுக்கும் இதே மாதிரி பண்ணி, ரெண்டையும் டெம்ப்ளேட்ல மாத்தி வச்சு எக்ஸ்போர்ட் பண்ணி மறுபடி pdfimages ஓட்டுங்க, smask காணாம போயிருக்கணும், இந்தத் தடவ அது நல்ல சேதி.

பழைய மானிட்டர்:
வேர்டுல நேரா சேவ் பண்றவங்களுக்கும் இது நடக்கலாம். சேவ் ஆஸ் பிடிஎஃப் பண்றப்ப ஆப்ஷன்ஸ்னு ஒரு பட்டன், அதுக்குள்ள "PDF/A compliant" னு ஒரு டிக். யாரோ எப்பவோ போட்டு வச்சிட்டுப் போயிருப்பாங்க, நமக்குத் தெரியாது. எங்க டீம்ல ஒருத்தர் மெஷின்ல மட்டும் நிழல் போட்ட படத்துக்கெல்லாம் பின்னாடி அசிங்கமா கட்டம் விழுந்துச்சு, விண்டோஸ் ரீஇன்ஸ்டால் வரைக்கும் போயிட்டு கடைசில அந்த டிக்க எடுத்ததும் சரியாச்சு.

பிக்சல் பாண்டி:
லோகு சார், அப்ப இதையும் சொல்லுங்க. நான் பிடிஎஃப் பக்கங்கள ஜேபிஜியா மாத்துறப்ப சில ஃபைல்ல பக்கம் முழுக்க கருப்பு, கருப்பு மேல கருப்பு எழுத்து, ஒண்ணும் தெரியாது. அதுல படமே கிடையாது, வெறும் எழுத்துதான். மாஸ்க் எங்க இருந்து வந்துச்சு அங்க?

லேஅவுட் லோகு:
நல்ல கேள்வி பாண்டி. பிடிஎஃப் பக்கத்துக்கு வெள்ளைத் தாள்னு ஒண்ணு கிடையாது, வியூவர் தான் அடில வெள்ளைய விரிச்சுக் காட்டுது. இமேஜ்மேஜிக்ல மாத்துறப்ப பக்கமே ட்ரான்ஸ்பரன்ட்டா வந்து, ஜேபிஜில ஆல்ஃபாவுக்கு இடம் இல்லாததால கருப்பாகுது. மேல போட்ட அதே -background white -alpha remove சேத்தா போச்சு. இல்லன்னா pdftoppm -jpeg வச்சு மாத்துங்க, அது தானாவே வெள்ளைத் தாள் போட்டுத்தான் வரையும்.

பிக்சல் பாண்டி:
அப்ப என் ஜேபிஜி சித்தாந்தம் வாபஸ் 😅

ராத்திரி டைப்பிஸ்ட்:
வெள்ளை நிரப்பினது வேலை செஞ்சிடுச்சு, ஏத்தி இறக்கியும் பாத்துட்டேன், லோகோ கச்சிதம். ஆனா கையெழுத்துல புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு. எங்க டெம்ப்ளேட்ல பேருக்கு மேல ஒரு கோடு, கையெழுத்தோட வால் அந்தக் கோட்டத் தாண்டிக் கீழ இறங்கும். இப்ப அந்த வெள்ளைப் பெட்டி கோட்டையும் பேர்ல முதல் ரெண்டு எழுத்தையும் மறைக்குது. படத்தப் பின்னாடி தள்ளிப் பாத்தேன், இந்த டெம்ப்ளேட்ல அது கேக்க மாட்டேங்குது.

லேஅவுட் லோகு:
அப்ப படமாவே வேணாம், கையெழுத்த வெக்டர் ஆக்குங்க. இங்க்ஸ்கேப்ல Trace Bitmap கொடுத்தா கோடு எல்லாம் கருப்பு நிரம்பின வடிவமா வந்துடும், அத எஸ்விஜியா டெம்ப்ளேட்ல வைங்க. வடிவத்துக்கு வெளிய ஒண்ணுமே இல்லாததால மாஸ்க்குக்கே வேலை இல்ல, 1bயும் முனகாது. ஒரே நிபந்தனை, ஒப்பாசிட்டி முழுசா நூறுல இருக்கணும், பிளர் எதுவும் கூடாது. எக்ஸ்போர்ட் பண்ணிட்டு லிஸ்ட் பாருங்க, கையெழுத்துக்குன்னு image வரியே வரக்கூடாது. வந்துச்சுன்னா உங்க டெம்ப்ளேட் சாஃப்ட்வேர் எஸ்விஜிய உள்ள எடுக்கறப்பவே மறுபடி படமா ஆக்கிடுதுன்னு அர்த்தம், சிலது அப்படிப் பண்ணும்.

பழைய மானிட்டர்:
மாஸ்க்க முழு கருப்பு முழு வெள்ளைன்னு ஒரு பிட்டா ஆக்கினா 1bல ஓகேனு எங்கயோ படிச்ச ஞாபகம்.

லேஅவுட் லோகு:
விதிப்படி ஓகே தான், ஓரம் நறுக்குனு இருக்க மாஸ்க்குக்குத் தடை இல்ல. ஆனா நீங்க ஒரு பிட்டா கொடுத்தாலும் எக்ஸ்போர்ட் பண்ற சாஃப்ட்வேர் அத smaskஆவே எழுதினா திரும்ப அதே கதை. mask னு வருதா smask னு வருதான்னு லிஸ்ட்ல பாத்துத்தான் சொல்ல முடியும். கையெழுத்து ஓரமும் பல்லு பல்லா வரும், 600 பிக்சல் அதுக்குப் பத்தாது, திரும்ப ஸ்கேன் பண்ணணும்.

ராத்திரி டைப்பிஸ்ட்:
வெக்டர் பண்ணிட்டேன், லிஸ்ட்ல கையெழுத்து வரல, கோடும் பேரும் தெரியுது. இன்னும் ரவுண்ட் சீல் ஒண்ணு பாக்கி, ரப்பர் ஸ்டாம்ப் மை அங்கங்க வெளிறி இருக்கும், ட்ரேஸ் பண்ணா அந்த வெளிறல் எல்லாம் போய் ஏதோ கார்ட்டூன் மாதிரி ஆகுது, எழுத்து மேல விழுறதால வெள்ளையும் நிரப்ப முடியல. காப்பு சிஸ்டம் ஆளுங்களுக்கு PDF/A-2bக்கு மாத்த முடியுமான்னு மெயில் போட்டிருக்கேன். பதில் இன்னும் வரல.

சும்மா ஒருத்தி:
கிம்ப்ல அந்த டிக் எங்க இருக்கு, எனக்கு எக்ஸ்போர்ட் விண்டோல காணலியே?

பழைய மானிட்டர்:
ஃபைல் பேர் .png னு முடியுதா பாருங்க, .jpg போட்டிருந்தா அந்த ஆப்ஷனே வராது.