‘வணக்கம்’ என்ற ஒரே தலைப்பில் 63 மடல்கள்

மன்னார்குடி கணக்கர்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். குறுவைக்கு ஏடிடி 43 நெல் விதை கேட்டு ‘வணக்கம்’ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலுக்குப் பதில் என்று அது 63 மடல்களாகிவிட்டது. விதை, லாரி வாடகை, சாக்குப் பாக்கி எல்லாம் அதற்குள்தான். நேற்றுத் தணிக்கையாளர் முளைப்புத்திறன் சான்றைக் கேட்டார். தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பதில் எழுதும்போது தலைப்பை மாற்றலாமா? எப்படி எழுதுவது?

கும்பகோணத்தான்: மாற்றவே கூடாது. மாற்றினால் தொடர் அறுந்துவிடும். பழைய மடல் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் கிடக்கும். நான் பட்டிருக்கிறேன்.

திருவையாறு மடலாளர்: ஜிமெயிலில் நீங்கள் சொல்வது சரி, அது தலைப்பையும் பார்த்துத்தான் மடல்களைக் கோக்கிறது. தண்டர்பேர்டு என்ற மடல் செயலியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பதிலுக்குள்ளும் `In-Reply-To`, `References` என்று மறைவாக இரண்டு வரிகள் போகின்றன. அவற்றை வைத்தே அது கோப்பதால், தலைப்பு மாறினாலும் மடல் பழைய இடத்திலேயே நிற்கும்.

கணக்கருக்கு அறுந்து போவதுதான் நல்லது. லாரி வாடகையும் முளைப்புச் சான்றும் ஒரே கட்டுக்குள் ஏன் கிடக்க வேண்டும்? பேச்சு திரும்புகிற இடத்தில் தலைப்பை மாற்றுங்கள். அதே பேச்சு தொடர்ந்தால் கை வைக்காதீர்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து பதில் எழுதும்போது, பதில் அம்புக்குறிக்குப் பக்கத்திலுள்ள சிறிய முக்கோணத்தை அழுத்தினால் `Edit subject` என்று வரும். முன்னால் நிற்கும் `Re:` என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்:

```
ஏடிடி 43 முளைப்புச் சான்று, குறுவை 2024 (முன்பு: வணக்கம்)
```

அடைப்புக்குள் இருக்கும் பழைய தலைப்பு, எதிராளிக்கு வந்த வழியைக் காட்டும். அடுத்த பதிலில் அதையும் எடுத்துவிடலாம்.

தஞ்சை ஓய்வூதியர்: முப்பது ஆண்டுகள் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், தம்பி. இதற்கெல்லாம் முறை ஏற்கெனவே இருக்கிறது. ‘பொருள்: வேளாண்மை – விதை – குறுவைப் பருவம் – ஏடிடி 43 – முளைப்புச் சான்று கோருதல் – தொடர்பாக.’ பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். அடுத்த வரியில் ‘பார்வை’ என்று முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும். எந்தக் கட்டிலிருந்தும் எடுத்துவிடலாம்.

திருவையாறு மடலாளர்: கோப்புக் கட்டில் அந்த வரிசை சரி, ஐயா, அங்கே வேளாண்மைக் கோப்புகள் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும். கைப்பேசித் திரையிலோ தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். கணக்கரின் பெட்டியில் அத்தனை மடல்களும் ‘வேளாண்மை – விதை’ என்றே தொடங்கினால், ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும். வேறுபடுகிற சொல் முதலில் வரட்டும். ‘தொடர்பாக’ எதற்கும் உதவாது. எல்லாத் தலைப்பிலும் இருக்கிற சொல்லைத் தேடி என்ன பயன்? ஆனால் உங்கள் ‘பார்வை’ அருமையான பழக்கம். ஜிமெயிலில் தொடர் அறும்போது, மடலின் முதல் வரியில் ‘பார்வை: 12.6.2024 நாளிட்ட “வணக்கம்” மடல்’ என்று எழுதிவிட்டால் கும்பகோணத்தாரின் கவலையும் தீரும்.

நாகை உப்பு வியாபாரி: நான் தலைப்பெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதுகிறேன். ‘வேதாரண்யத்து உப்புக்கான பில்’ என்று போட்டிருந்தேன். ‘வேதாரண்யம் உப்பு’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. மடல் அழிந்துவிட்டதோ என்று மகனைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

திருவையாறு மடலாளர்: மகன் பாவம், அம்மா. ஜிமெயில் முழுச் சொல்லாகத் தேடுகிறது. ‘வேதாரண்யத்து’ வேறு சொல், ‘வேதாரண்யம்’ வேறு சொல். தலைப்பில் பெயர்களுக்கு வேற்றுமை உருபு ஒட்டாதீர்கள். ‘பில், உப்பு, வேதாரண்யம்’ என்று மொட்டையாக இருக்கட்டும். பேச்சில் அழகில்லைதான், தேடும்போது கிடைக்கும்.

```
subject:(உப்பு வேதாரண்யம்)
```

கும்பகோணத்தான்: சரி, ‘ஏடிடி 43’ என்று ஒருவர் எழுதுவார், ‘ஆடுதுறை 43’ என்று இன்னொருவர், இடைவெளி விடாமல் ‘ஏடிடி43’ என்று மூன்றாமவர். அதற்கு என்ன செய்வீர்கள்?

திருவையாறு மடலாளர்: உங்கள் அலுவலகத்துக்குள் ஒன்றை முடிவு செய்யலாம். எதிராளியின் கையைப் பிடிக்க முடியாது.

தஞ்சை ஓய்வூதியர்: அதற்குத்தான் கோப்பு எண் வேண்டும் என்கிறேன். எண்ணுக்கு வேற்றுமை உருபு ஏது?

மன்னார்குடி கணக்கர்: பழைய 63 மடல்களின் தலைப்பை இப்போது மாற்ற முடியுமா?

திருவையாறு மடலாளர்: ஜிமெயிலில் வந்த மடலின் தலைப்பை மாற்ற முடியாது. தணிக்கைக்கு வேண்டியதை மட்டும் புதிய தலைப்போடு உங்களுக்கே முன்னனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்குதான் இருக்கும்.

மன்னார்குடி கணக்கர்: நான்கு இருந்தன, அனுப்பிவிட்டேன். விற்பனையாளருக்கும் ‘ஏடிடி 43 முளைப்புச் சான்று’ என்று புதுத் தலைப்பில் எழுதினேன். அதே தலைப்பில் பதில் வந்திருக்கிறது: ‘சான்று இணைப்பில். லாரி வாடகை எப்போது வரும்?’