புதிதாகச் சேர்பவருக்கு அனுப்பும் செய்தி: எதை எழுதுவது, எதை விடுவது?

கொட்டாஞ்சேனைவாசி

வணக்கம். கொழும்பு 3இல் ஒரு சின்னக் கம்பனியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். ஆள் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு தங்கச்சி கணக்குப் பகுதிக்குத் தெரிவாகியிருக்கிறார். அடுத்த மாதம் முதலாம் திகதி, திங்கட்கிழமை சேர வேண்டும். வழக்கமாக நாங்கள் அனுப்புவது இதுதான்:

"வாழ்த்துகள். 1ஆம் திகதி காலை 8.30க்கு அலுவலகத்தில் சமுகமளிக்கவும். தேவையான அனைத்து ஆவணங்களையும் கொண்டுவரவும். அலுவலகத்துக்கு உகந்த உடை அணியவும். நிர்வாகப் பிரிவைச் சந்திக்கவும்."

வாசித்தவர்கள் எல்லாரும் "சரி, நன்றி" என்றுதான் பதில் போடுகிறார்கள். ஆனால் முதல் நாளில் ஒருவர் சான்றிதழ்களின் போட்டோக்கொப்பி மட்டும் கொண்டு வந்தார். இன்னொருவரை செக்கியூரிட்டி கீழேயே நிறுத்தி வைத்துவிட்டார். அவர் வருவது செக்கியூரிட்டிக்குத் தெரியாது. செய்தியில் எதைத் திருத்த வேண்டும்?

வத்தளை ரஞ்சன்

எல்லாத்தையும் பேர் போட்டுக் கேளுங்க. பிறப்புச் சான்றிதழ், ஓ/எல், ஏ/எல், கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, பழைய இடத்து சேவைக் கடிதம், பழைய இபிஎப் இலக்கம். அந்த இலக்கம் இல்லாட்டி புது இடத்தில் பதியவே ஏலாது. எல்லாம் கையில் இல்லாட்டி வர வேண்டாம் என்று ஒரு வரி போடுங்க, ஒழுங்காகக் கொண்டு வருவாங்க.

மாலினி அக்கா

ரஞ்சன் தம்பி, பேர் போட்டுக் கேட்கச் சொன்னது சரி. இபிஎப் விசயம் அப்படியில்லை. உறுப்பினர் இலக்கத்தை ஒவ்வொரு வேலை இடமும் புதிதாகத்தான் கொடுக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடிப்பது அடையாள அட்டை இலக்கம். அதனால் அவரிடம் கேட்க வேண்டியது வேறு: முதல் வேலைக்குச் சேர்ந்தபோது V எழுத்து வரும் பழைய அட்டை வைத்திருந்து, பிறகு 12 இலக்க அட்டை எடுத்தாரா? எடுத்திருந்தால் இரண்டு இலக்கமும் வேண்டும்.

பெயரையும் பாருங்கள். நம் ஆட்களுக்கு இது அடிக்கடி வரும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி, ஏ/எல் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். நியமனக் கடிதம் அச்சாகி, சம்பளம் வங்கிக்குப் போகும்போதுதான் முட்டும். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் இப்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து வித்தியாசம் தெரிந்தால் சேர்வதற்கு முன்னரே பேசித் தீர்க்கலாம்.

ஆவணங்களை ஒரே பட்டியலாகக் கொடுத்தால், எது இல்லாவிட்டால் வேலை போய்விடும், எது பிறகு கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். முதல் நாளில் உண்மையிலேயே வேண்டியவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள். மூலப்பிரதியோடு ஒவ்வொரு கொப்பியும் கொண்டு வரச் சொல்லுங்கள். மூலப்பிரதியைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவோம் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாததால்தான் சிலர் மூலப்பிரதியை வீட்டில் விட்டு வருகிறார்கள். கம்பனி வாங்கி வைத்துக்கொள்ளும் என்ற பயம்.

கிராம சேவகர் சான்றிதழுக்குத் தவணை கொடுங்கள். கிராம சேவகர் கையெழுத்து வைத்த பிறகு பிரதேச செயலகத்திலும் மேலொப்பம் வாங்க வேண்டும். மட்டக்களப்பில் இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு. கொழும்புக்கு வந்த பிறகு அதற்காக ஒரு முறை ஊருக்குப் போய்வர வேண்டிவரும். ஆகவே செய்தி இந்த வாரமே போகட்டும்.

இன்னொன்று, ஆட்கள் விட்டுவிடுவது. இபிஎப் படிவத்தில் நொமினியின் விபரம் எழுத வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ போடுவதென்றால் அவர்களின் அடையாள அட்டையைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஊருக்குப் போன் அடித்து, அம்மா கண்ணாடி தேடி வாசிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இணுவில் பிள்ளை

அக்கா, எனக்கும் போன கிழமை தெரிவுக் கடிதம் வந்தது, கொள்ளுப்பிட்டியில்தான். சாரி கட்டுவதா, பாவாடை சட்டை போடுவதா? அங்கே இருக்கிற ஒருத்தரும் எனக்குத் தெரியாது.

மாலினி அக்கா

பிள்ளை, இது கம்பனிப் பக்கத்து ஆள் கேட்ட கேள்வி. ஆனாலும் கேட்டது நல்லதாய்ப் போச்சு. கொட்டாஞ்சேனைவாசி, பாருங்கள், "உகந்த உடை" என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். உங்கள் கந்தோரில் ஆட்கள் நிஜமாக என்ன போடுகிறார்கள் என்று எழுதுங்கள். "பெண்கள் பெரும்பாலும் பாவாடை அல்லது காற்சட்டையுடன் பிளவுஸ், சாரி கட்டாயமில்லை, வெள்ளிக்கிழமை டெனிம் போடலாம், ரப்பர் செருப்பு வேண்டாம்." முதல் நாளே கம்பனி அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதென்றால் அதையும் சொல்லுங்கள்.

பிள்ளை, உங்களுக்கு: அழைத்தவரிடம் நேரே கேளுங்கள். ஒருத்தரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

இணுவில் பிள்ளை

சரி அக்கா. ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்றுதான் பேசாமல் இருந்தேன்.

கொட்டாஞ்சேனைவாசி

நன்றி அக்கா. நேரத்தைப் பற்றி ஒன்று. நாங்கள் 8.30க்குத் திறப்போம். அவர் இரவு பஸ்ஸில் வந்து இறங்குவார் என்று நினைக்கிறேன். அதே நேரத்தைச் சொல்லலாமா?

மாலினி அக்கா

அவர் எங்கே தங்குகிறார் என்று முதலில் கேளுங்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தால் காலி வீதியில் 100 பஸ் ஏறி வந்துவிடுவார். அன்று விடியத்தான் வந்து இறங்குகிறார் என்றால் குளித்து உடை மாற்ற நேரம் வேண்டும். எப்படியும் முதல் நாளுக்கு 9.30 சொல்லுங்கள். 8.30க்கு நீங்களே மேசையைத் திறந்துகொண்டிருப்பீர்கள். அடுத்த நாள் முதல் 8.30 என்று அடுத்த வரியில் போடுங்கள். சந்திக்க வேண்டியது "நிர்வாகப் பிரிவு" இல்லை, ஒரு ஆள். உங்கள் பெயர், போன் இலக்கம், நீங்கள் லீவு என்றால் இன்னொருவர். அந்த ஞாயிறுக்கு முன்னர் செக்கியூரிட்டியிடமும் பெயரை எழுதிக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி

இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

"வணக்கம். 1ஆம் திகதி திங்கள் காலை 9.30க்கு வாருங்கள். அடுத்த நாளில் இருந்து 8.30. கீழே செக்கியூரிட்டியிடம் உங்கள் பெயரும் அடையாள அட்டையும் காட்டினால் மூன்றாம் மாடிக்கு அனுப்புவார். அங்கே என்னைக் கேளுங்கள். நான் இல்லாவிட்டால் கணக்காளர் இருப்பார், இரண்டு இலக்கமும் கீழே.

அன்று கொண்டு வருவது: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஓ/எல், ஏ/எல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. மூலப்பிரதியைப் பார்த்து உடனே தந்துவிடுவோம். நொமினியாகப் போடுபவரின் அடையாள அட்டைப் படம் போனில் இருந்தால் போதும். கிராம சேவகர் சான்றிதழை மாத முடிவுக்குள் தரலாம், ஆனால் ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

உங்கள் அடையாள அட்டையின் இரு பக்கமும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் இந்த வெள்ளிக்கு முன் அனுப்புங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். சாரி கட்டாயமில்லை, பிளவுஸ் பாவாடை போதும். அன்று படம் எடுப்போம். தமிழிலேயே பதில் எழுதலாம்."

வத்தளை ரஞ்சன்

பொலிஸ் அறிக்கையை விட்டிட்டீங்க. கணக்குப் பகுதிக்கு, காசு புழங்கிற இடத்துக்கு, அது இல்லாமல் எடுக்கிறதா?

மாலினி அக்கா

அதை வேண்டுமென்றால் தெரிவுக்கு முன்னர் கேட்டிருக்க வேண்டும் தம்பி. நியமனம் கொடுத்த பிறகு வரவேற்புச் செய்தியில் கேட்டால் சந்தேகப்படுவது மாதிரி இருக்கும்.

வத்தளை ரஞ்சன்

எங்கட இடத்தில் சேர்ந்த பிறகுதான் கேட்கிறது. ஒருத்தரும் கோவித்ததில்லை.

கொட்டாஞ்சேனைவாசி

முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். மற்றதை இன்று பின்னேரம் அனுப்புகிறேன்.

மாலினி அக்கா

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போடுங்கள். இடத்தின் வரைபட லிங்கை மறந்துவிட்டீர்கள், அதையும் சேருங்கள். உங்கள் கட்டிடத்தின் வாசல் காலி வீதிப் பக்கமா, கடல் பக்கமா?

கொட்டாஞ்சேனைவாசி

கடல் பக்கம். அதையும் எழுதுகிறேன்.