கல்விக் குழு: ஆண்டறிக்கை, மூன்றாம் பக்கம்

செயலாளர் (இரவு 7.40): வணக்கம். 2025 ஆண்டறிக்கை நாளை காலை ஹட்டன் அச்சகத்துக்குப் போகிறது. கல்விப் பக்கத்தின் முதல் வரி: "கோயில் மாலை வகுப்பில் படித்த பிள்ளைகளில் 80 வீதமானோர் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தனர்." யாருக்காவது மறுப்பு உண்டா?

பொருளாளர் மாமா: அருமை. கனடாவில் இருக்கிறவர்களுக்கு இது போதும். புத்தகப்பை 140 கொடுத்ததைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கொழும்புத் தம்பி: 80 எப்படி வந்தது, அண்ணா?

செயலாளர்: பரீட்சை எழுதியவர்கள் 25. எஸ் அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் 20.

கொழும்புத் தம்பி: டீச்சர், 2024 ஜனவரியில் இடாப்பில் எத்தனை பெயர் எழுதினீர்கள்?

கணக்கு டீச்சர்: 32. ஏழு பேர் இடையில் நின்றுவிட்டார்கள். நாலு பேர் டவுன் டியூஷனுக்குப் போனார்கள், அவர்களில் இரண்டு பேர் பாஸ். இரண்டு பேர் கொழும்பில் கடை வேலைக்கு. ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது.

கொழும்புத் தம்பி: அப்படியானால் 32ஐத்தான் கீழே போட வேண்டும். 20ஐ 32ஆல் வகுத்தால் 62.5 வரும்.

பொருளாளர் மாமா: வராத பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் தம்பி? அதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?

கொழும்புத் தம்பி: மாமா, இடையில் நிற்பது பெரும்பாலும் கணக்கில் பின்தங்கிய பிள்ளைதான். எழுதித் தவறிய அந்த ஐந்து பேரும் பரீட்சைக்கு முன்பே நின்றிருந்தால் எங்கள் கணக்கு 100 வீதம் ஆகியிருக்கும். பிள்ளைகள் ஓட ஓட வகுப்பு நல்ல வகுப்பாகத் தெரியும். நான் வேலை செய்யும் இடத்தில் அறிக்கை பார்க்கும்போது முதலில் தேடுவது இதைத்தான்.

செயலாளர்: அப்போ டவுனுக்குப் போய்ப் பாஸான இருவரையும் சேர்த்து 32க்கு 22 என்று போடலாமே?

கணக்கு டீச்சர்: அவர்கள் என்னிடம் இரண்டு மாதம்கூட வரவில்லை. அவர்களை என் கணக்கில் சேர்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

மேல் டிவிஷன் அக்கா: என் மகன் தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தான். அவன் பெயர் அறிக்கையில் வருமா?

செயலாளர்: இது சாதாரண தரம் அக்கா. வாழ்த்துகள்!

பொருளாளர் மாமா: சரி, 62 என்றே வைத்துக்கொள்வோம். போன தொகுதியில் 28 பேரில் 17 பேர். அது 60 தான். "முன்னேற்றம்" என்று எழுதலாம் அல்லவா?

கொழும்புத் தம்பி: 32 பேரில் ஒரு பிள்ளை என்பது மூன்று வீதத்துக்கு மேல். ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வந்திருந்தால் இந்த முன்னேற்றமே காணாமல் போயிருக்கும். இன்னொன்று, அவர்கள் எழுதிய 2023 பரீட்சை 2024 மே மாதம்தான் நடந்தது. இவர்கள் எழுதிய 2024 பரீட்சை 2025 மார்ச்சில். படிக்கக் கிடைத்த காலமே ஒன்றல்ல. வீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை எழுதுங்கள், பரீட்சை நடந்த மாதத்தையும் சேர்த்து.

செயலாளர்: நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்றும் எழுதவா?

கணக்கு டீச்சர்: வேண்டாம். "இருவர் கடை வேலைக்கு" என்றால் எங்கள் லயத்தில் எந்த வீடு என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

கொழும்புத் தம்பி: டீச்சர் சொல்வது சரி. ஏழு பேர் இடையில் நின்றார்கள் என்பது போதும்.

பொருளாளர் மாமா: பையாவது இருக்கட்டும். 140 என்பது 140 தானே, அதில் என்ன சண்டை?

கொழும்புத் தம்பி: அது நாங்கள் கொடுத்த கணக்கு, மாமா. பிள்ளைக்கு என்ன ஆனது என்பது வேறு கணக்கு.

பொருளாளர் மாமா: அதற்கு என்ன? பாடசாலை வரவு கூடியிருக்கும், அதைப் போடுவோம்.

கணக்கு டீச்சர்: கூடினாலும் பையால்தான் என்று எப்படிச் சொல்வது? அடை மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் பை வைத்திருக்கிறவனும் வருவதில்லை, இல்லாதவனும் வருவதில்லை.

மேல் டிவிஷன் அக்கா: பை என்றதும் ஞாபகம் வந்தது. என் மகளின் பையில் சிப் இரண்டாம் தவணையே போய்விட்டது. ஊக்கு குத்தித்தான் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான்.

கொழும்புத் தம்பி: அக்கா, நீங்கள்தான் நல்ல அளவுகோல் தந்தீர்கள். மூன்றாம் தவணையில் ஒரு நாள் காலை பாடசாலை வாசலில் நின்று, 140இல் எத்தனை பை இன்னும் தோளில் இருக்கிறது என்று எண்ணலாம்.

பொருளாளர் மாமா: நாற்பது என்று வந்தால் யார் பதில் சொல்வது? கொடுத்தவர் மனம் நோகாதா?

செயலாளர்: அதை ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம். இப்போதைக்கு, "140 பைகள் வழங்கப்பட்டன, அவற்றின் பயன்பாடு இன்னும் பார்க்கப்படவில்லை." முதல் வரி இப்படி: "2024 ஜனவரியில் மாலை வகுப்பில் சேர்ந்தோர் 32. இறுதிவரை இருந்து 2025 மார்ச்சில் பரீட்சை எழுதியோர் 25. கணிதம் சித்தியடைந்தோர் 20."

கணக்கு டீச்சர்: 👍

பொருளாளர் மாமா: "இன்னும் பார்க்கப்படவில்லை" என்பதை எடுத்துவிடுங்கள்.

செயலாளர்: மாமா, நாளை காலை போன் எடுக்கிறேன்.

மேல் டிவிஷன் அக்கா: அப்போ சிப் மாற்றித் தருவீர்களா?