வாராந்தச் சதவீதம்: எதால் வகுப்பது?

கடற்கரைவாசி: தினமும் இரவு 9 மணிக்கு "இன்று மரைன் டிரைவில் நடந்தாயா?" என்று போனுக்குச் செய்தி வரும். என் y அல்லது n பதில் சிஎஸ்வி கோப்பில் ஒரு வரியாகச் சேரும். மார்ச் 10 வாரத்தில் நாலு பதில், மூன்று y. நான் 75 சதவீதம் என்கிறேன், நண்பன் 43 என்கிறான். எது சரி?

தெஹிவளை ரவி: நண்பன்தான் சரி. வாரத்துக்கு ஏழு நாள், மூன்றை ஏழால் வகுத்தால் 43. இதுக்கு ஒரு விவாதமா?

கணக்குப்பிள்ளை: ரெண்டும் பிழை. 13ஆம் தேதி போயா, அன்று கேள்வி போனதா?

கடற்கரைவாசி: இல்லை அண்ணா, விடுமுறை நாட்களில் போகாது.

கணக்குப்பிள்ளை: அப்போ கேட்டது ஆறு, செய்தது மூன்று, 50 சதவீதம். பதில் வரும்போது வரி எழுதுவதுதான் கோளாறு. நடக்காத நாளில்தான் பதில் போடவும் மனம் வராது. அந்த நாள் கோப்பிலேயே இல்லாமல் போக, சதவீதம் தானாக ஏறிவிடும். கேள்வி போகும்போதே தேதியோடு வரியை எழுதி, பதில் இடத்தை வெறுமையாக விடுங்கள். புதன் கேள்விக்கு வியாழன் காலை பதில் வந்தாலும் புதன் வரியில்தான் நிரப்ப வேண்டும்.

```
date,reply
2025-03-10,y
2025-03-11,y
2025-03-12,
2025-03-14,n
2025-03-15,
2025-03-16,y
```

D2 இல் திங்கட்கிழமைத் தேதி:

```
=COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+7,B:B,"y")/COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+7)
```

தெஹிவளை ரவி: போயா அன்று கடற்கரையை மூடிவிடுகிறார்களா? ஏழு என்றால் ஏழுதான்.

மட்டக்குளி மாலா: எனக்கு எக்செல்லில் "ஆம்" என்ற பதிலே உடைந்த எழுத்தாக வருகிறது, முதலில் அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: தங்கச்சி, நேரே இரட்டைக் கிளிக் செய்யாமல் Data > From Text/CSV போய் 65001: Unicode (UTF-8) தெரிவு செய்யுங்கள். ரவி, கேட்காத கேள்விக்கு எப்படி ஐயா பதில் சொல்வது?

தெஹிவளை ரவி: போன மாதம் கிரிக்கெட் சராசரியிலும் இப்படித்தான் நின்றீர்கள். உங்களுக்குச் சாதகமான எண்ணால் வகுப்பது உங்கள் பழக்கம்.

கணக்குப்பிள்ளை: அதை இங்கே இழுக்காதீர்கள். நாலால் வகுத்து 75 காட்டுவதைத்தானே நானும் பிழை என்கிறேன்!

கடற்கரைவாசி: சூத்திரத்தைப் போட்டேன், #DIV/0! வருகிறது.

கணக்குப்பிள்ளை: தேதி கலத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா? அப்படியென்றால் அது எழுத்தாக வந்திருக்கிறது, கீழ்ப்பகுதி பூச்சியமாகிவிடும். நிரலின் வகையைத் தேதியாக மாற்றித் திரும்ப ஏற்றுங்கள்.

தெஹிவளை ரவி: ஏழால் வகுத்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது.

கணக்குப்பிள்ளை: வந்திருக்காதுதான். மேலே பூச்சியம், கீழே ஏழு, விடை 0 சதவீதம். கோப்பு பழுது என்பதே தெரியாமல், நடக்கவில்லை என்று நினைத்திருப்பார். அது நல்லதா?

தெஹிவளை ரவி: போயாவுக்கும் நடக்கத்தான் வேண்டும்.