“அரை வயலின்” என்பதற்கு வேறு சொல் உண்டா? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

பாட்டு டீச்சர், கொழிஞ்சாம்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். விஜயதசமி முதல் எங்கள் பள்ளியில் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு வாத்தியங்களை இரவல் கொடுக்கிறோம். மலையாளப் பட்டியல் தயாராகிவிட்டது. தமிழ்ப் பட்டியல் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அளவு, சுருதி, கூட வரும் சாமான், எந்தப் பாடம் வரை போதும் என்று நான்கு பத்தி போட்டிருக்கிறேன். முதல் பத்தியில்தான் இடிக்கிறது. எங்களிடம் முழு வயலின் ஒன்று, முக்கால் ஒன்று, அரை இரண்டு இருக்கின்றன. போன வருஷம் “அரை வயலின், ஐந்து கட்டை” என்று எழுதினேன். ஒரு அப்பா வந்து, “பாதி வயலினை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்?” என்றார். இன்னொரு வீட்டில் அதையே ஐந்தரைக் கட்டை என்று படித்து, தம்புரா ஆப்பையும் அப்படியே வைத்து, ஒரு மாதம் சரளி வரிசை வாசித்திருக்கிறார்கள். குழப்பாத ஒரு சொல் சொல்லுங்கள்.

பழம்புலவர்:

டீச்சர், சங்கப் பாணர்களிடம் பேரியாழும் சீறியாழும் இருந்தன. ஒரே கருவிக்குப் பெரிது சிறிது என்று பெயர் வைத்த மரபு நம்முடையது. சிறுமை என்னும் பண்பு உயிர் முதல் சொல்லோடு சேரும்போது ஆதி நீளும். சீறூர், சீறடி நினைவிருக்கும். அதே வழியில் “சீறளவு” என்று எழுதுங்கள். முழு வயலினுக்குப் “பேரளவு”. பட்டியலுக்குத் தமிழ் மணம் வந்துவிடும்.

மாணவன், பாலக்காடு:

ஐயா, கோபிக்க வேண்டாம். “சீறளவு வயலின்” என்றால் எங்கள் வகுப்பில் அது எவ்வளவு சீறும் என்றுதான் கேட்பார்கள். புதிதாக வில் பிடிக்கிறவர்கள் கையில் அது சீறத்தான் செய்கிறது, அது வேறு விஷயம். “பேரளவு” என்றால் மில்லில் நெல் அரைப்பது மாதிரி இருக்கிறது.

பழம்புலவர்:

தம்பி, சீறு என்னும் வினை வேறு, சிறுமை என்னும் பண்பு வேறு. சீறடி என்று படித்தால் பாம்பின் காலா நினைவுக்கு வருகிறது?

கணக்கு வாத்தியார் (ஓய்வு), வண்டித்தாவளம்:

புதுச்சொல்லே வேண்டாமே. கடையில் முக்கால், அரை, கால் என்றுதான் கேட்கிறோம், மலையாளத்திலும் அதேதான். அதற்குக் கீழே எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று அளவிலும் வயலின் வருகிறது. அவற்றுக்கும் அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாட்டிலேயே பேர் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு மாகாணி வயலின்! இதைவிட அழகாக எந்த மொழியில் சொல்ல முடியும்? பெற்றோருக்கும் புரியும்: அரை என்றால் நீளத்தில் பாதி.

வில்லுக்காரன்:

சார், அந்தக் கடைசி வரிதான் டீச்சருடைய தலைவலிக்கே காரணம். அரை வயலின் நீளத்தில் பாதி இல்லை. முழு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம் (கழுத்தைச் சேர்க்காமல்). அரை வயலினின் உடல் சுமார் பன்னிரண்டரை. முக்கால் இரண்டுக்கும் நடுவில். செய்கிறவருக்குச் செய்கிறவர் கொஞ்சம் மாறும், ஆனால் பாதிக்குப் பக்கத்தில்கூட வராது. இங்கே அரை என்பது கணக்கு இல்லை, வெறும் பெயர்.

அதனால் வயலினை விட்டுவிட்டுப் பிள்ளையின் கையை எழுதுங்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தோரத்திலிருந்து உள்ளங்கை நடுவரை டேப் பிடிக்க வேண்டும். 20 அங்குலம் வந்தால் அரை; 22 அங்குலத்தை ஒட்டி வந்தால் முக்கால்; 23-ஐத் தாண்டினால் முழுசு.

என்னிடம் வந்த நாலாம் வகுப்புப் பெண்ணுக்குக் கை சரியாக 20. வளர்கிற பிள்ளை என்று அப்பா முக்கால் வாங்கிவிட்டார். ச ரி க வரை பரவாயில்லை. மூன்றாம் விரலில் வர வேண்டிய ம எப்போதும் கொஞ்சம் இறங்கியே வந்தது. நானும் காது சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் இடது முழங்கை விறைத்து நிற்கிறது, விரல் எட்டவில்லை. அரை வயலினைக் கொடுத்ததும் அதே வாரத்தில் ம ஏறிவிட்டது.

மிருதங்கம், கொல்லங்கோடு:

எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டை நீளமாக இருந்தால் தக்கு, குட்டையாக இருந்தால் ஹெச்சு. அளவைச் சொன்னாலே சுருதி தெரிந்துவிடும். அளவுக்கும் சுருதிக்கும் ஏன் தனித்தனிப் பத்தி? “சுருதியளவு” என்று ஒரே சொல் போடுங்கள் டீச்சர்.

வில்லுக்காரன்:

மிருதங்கத்துக்கும் புல்லாங்குழலுக்கும் அது சரி அண்ணே. வயலினில் முறுக்காணியைத் திருகி எந்தக் கட்டைக்கும் வைக்கலாமே. ஆனால் ஒரு விதத்தில் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கம்பி மேற்கத்திய சுருதிக்கென்றே செய்யப்படுகிறது. நாம் ச ப ச ப என்று வைக்கிறோம். ஐந்து கட்டையில் கீழ் இரண்டு கம்பியும் தொடாமலே சரியாக நிற்கும். மேல் இரண்டை மட்டும் இறக்க வேண்டும்; ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக எண்ணினால் இரண்டு கட்டை. இரண்டரைக் கட்டைக்கு வைத்தால் மேல் கம்பிகள் ஆறு கட்டை கீழே போகும், கீழ்க் கம்பிகளும் நாலு கட்டை தளரும். முழு வயலின் அதைத் தாங்கும். அரை வயலினில் கம்பி குட்டை என்பதால் அதே சுருதிக்கு இழுவிசை இன்னும் குறைவு. கொடியில் காயும் கயிறு மாதிரி தொங்கும், வில் பட்டதும் சுருதி ஆடும். அதனால்தான் டீச்சர் அரைக்கு ஐந்து கட்டை போட்டிருக்கிறார். சரியான முடிவு.

கணக்கு வாத்தியார்:

சரி, பாதி இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாகாணியை விட்டுவிடாதீர்கள்.

பாட்டி, நாட்டுக்கல்:

கூட வரும் சாமான் பத்தியில் ஒன்று எழுதிக்கொள் டீச்சர் கண்ணு. பேரனுக்கு வாங்கின வயலினில் சத்தமே வரவில்லை. கெட்டுப்போனது என்று கடையில் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, புது வில்லில் ரோசின் தேய்க்கவே இல்லை. மயிர் வழுக்கிக்கொண்டே போனால் எங்கே சத்தம் வரும்?

பழம்புலவர்:

ரோசினுக்குக் குங்கிலியம் என்று அருமையான சொல் இருக்கிறதே.

வில்லுக்காரன்:

ஐயா, குங்கிலியம் வேறு மரத்துப் பிசின். ரோசின் பைன் மரத்தினுடையது. குங்கிலியம் என்று எழுதினால் யாராவது நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்து வில்லில் தேய்ப்பார்கள்.

மாணவன்:

தேய்த்த பிறகு நிஜமாகவே சீறளவுதான்.

பாட்டு டீச்சர்:

இரவு பதினொன்று ஆகிறது, நான் முடித்துக்கொள்கிறேன். “அளவு” என்ற தலைப்பை எடுத்துவிட்டு “கை நீளம்” என்று போடுகிறேன். அரை, முக்கால் எல்லாம் வயலின் பெட்டியின்மேல் மட்டும் இருக்கும், பட்டியலில் வராது. ஆகவே ஒரு வரி இப்படி வரும்: “வயலின். கை நீளம் 20 அங்குலம். சுருதி ஐந்து கட்டை, ச ப ச ப. கூட வருபவை: அதே அளவு வில், பெட்டி, ரோசின் (முதல் நாளே தேய்க்கவும்). கீதம் வரை போதும்.” வர்ணத்துக்கு வருவதற்குள் பிள்ளை வளர்ந்து அடுத்த வயலினுக்குப் போய்விடும்.

கணக்கு வாத்தியார்:

அப்புறம் கடையில் போய் என்ன கேட்பார்கள்? இருபது அங்குலக் கை என்றா?

பழம்புலவர்:

நான் உடன்படவில்லை. கருவியின் பட்டியலில் கருவியின் அளவு இல்லை என்றால் அது என்ன பட்டியல்? சீறளவு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

மிருதங்கம், கொல்லங்கோடு:

டீச்சர், மிருதங்கத்துக்கும் கை நீளமா போடுவீர்கள்?