98 காட்டுகிறதாம், அப்புறம் என்ன விஷம்?

பைபாஸ்_பாலு: இருபது வருஷமாக ஊதுகிறேன். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் இன்றைக்கும் ஆக்சிஜன் 98 சதவீதம். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, தார் என்று விஷப் பட்டியல் போட்டு, அந்த மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும் என்று பூச்சாண்டி காட்டுகிறவர்கள் முதலில் இந்த 98-க்குப் பதில் சொல்லுங்கள்.

லேப்_மல்லிகா: அந்த மீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு வெளிச்சத்தை விரலுக்குள் அனுப்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். சீட் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, டிக்கெட் கேட்காமல் போகும் கண்டக்டர் மாதிரி. உங்கள் ஹீமோகுளோபினில் 91 சதவீதம் ஆக்சிஜனையும் 7 சதவீதம் மோனாக்சைடையும் பிடித்துக்கொண்டு 2 சதவீதம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் என்ன காட்டும்? உங்கள் அருமை 98-ஐத்தான். தினம் ஒரு பாக்கெட் தீர்க்கிறவருக்கு அந்த 7 ஒன்றும் அதிசயமில்லை.

பைபாஸ்_பாலு: ஓகோ! மீட்டர் பொய் சொல்லும் என்றால் 2021-ல் அதை நம்பித்தானே ஊரையே படுக்கையில் போட்டீர்கள்?

லேப்_மல்லிகா: அப்போது பிரச்சினை காலி சீட். அதை மீட்டர் ஒழுங்காகப் பிடிக்கும். இங்கே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அதுவும் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக. அது மட்டுமா? பக்கத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தசைக்கு எளிதில் இறங்க விடமாட்டான். கையில் எடுத்த ரத்தத்தை கோ-ஆக்ஸிமீட்டர் உள்ள மெஷினில் ஓட்டினால்தான் இவன் தனியாகத் தெரிவான்.

திண்ணை_வாத்தியார்: மோனாக்சைடு விஷயத்தில் அம்மணி சொல்வது சரி. ஆனால் ஃபார்மால்டிஹைடை மட்டும் பிணத்துக்குப் போடும் மருந்து என்று எல்லாரும் அலறுவது அபத்தம். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது, ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் ஓடுகிறது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

லேப்_மல்லிகா: உடம்பு தயாரிப்பதை உடம்பின் என்சைமே உடனுக்குடன் காலி செய்கிறது வாத்தியாரே. புகையில் வருவது பெரும்பாலும் ரத்தம் வரை போவதே இல்லை. தண்ணீரில் சட்டென்று கரைகிற சரக்கு என்பதால் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் ஈரத்திலேயே தங்கிவிடும். அங்கேதான் சளியை மேலே தள்ளுகிற நுண்முடிகள் இருக்கின்றன. அவற்றை முடக்குகிற கும்பலில் இதுவும் ஒன்று. துடைப்பம் ஓய்ந்த பிறகு தார் ஏன் வெளியே போகப் போகிறது? அந்தப் பழுப்புப் பிசினில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் இருக்கிறது. அதை வெளியேற்றுவதற்காக நுரையீரல் செல் அதை மாற்றப்போக, மாறிய பொருள் டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2004-லேயே முடிவு செய்துவிட்டது. நீங்கள் எடுத்துவிடலாம் என்கிறீர்கள்!

பைபாஸ்_பாலு: இவ்வளவு எழுதியும் 98-க்குப் பதில் வந்ததா பாருங்கள் மக்களே.

கம்மாக்கரை: எங்கள் தாத்தா கடைசிவரை பீடிதான். கெமிக்கல் கிடையாது, வெறும் இலை. எண்பத்தைந்து வயதுவரை வயலுக்குப் போனார். சிகரெட் கம்பெனிக்காரன் கலக்குவதுதான் விஷம்.

லேப்_மல்லிகா: யாரும் எதுவும் கலக்க வேண்டாம் தம்பி. எந்த இலையை எரித்தாலும் இந்த மூன்றும் வரும். பீடி இலைக்குள் காற்று சரியாகப் புகாது. அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோனாக்சைடும் தாரும் அதில் குறைச்சலே இல்லை.

கம்மாக்கரை: எங்கள் தாத்தாவைப் பற்றிப் பேச நீங்கள் யார்?

திண்ணை_வாத்தியார்: தார் என்றால் ரோட்டுத் தார் என்று நினைக்கிற கூட்டத்துக்கு நடுவில் என் கேள்வி காணாமல் போனது. போன மாதம் கொசுவர்த்தி இழையிலும் இப்படித்தான், கொசுவர்த்திப் புகையிலும் இதே ஃபார்மால்டிஹைடு இருக்கிறதே என்றதற்கு மல்லிகா மூச்சே விடவில்லை.

பைபாஸ்_பாலு: காலையில் எழுந்ததும் 98. ராத்திரி பாக்கெட் தீர்ந்த பிறகும் 98. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லேப்_மல்லிகா: அதுதான் சாட்சி, எனக்கு! ஊதாமல் இருந்தால் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்து மோனாக்சைடு பாதியாகும். ராத்திரி 8 சதவீதம் இருந்தால் விடிவதற்குள் மூன்றுக்குக் கீழே வந்துவிடும். அவ்வளவு மாறியும் உங்கள் மீட்டர் அசையவில்லை என்றால் அதற்கு அது தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? புகை நிறுத்தும் கிளினிக்கில் மூச்சிலுள்ள மோனாக்சைடை ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் அந்தக் கருவியில் ஊதிவிட்டு வந்து பேசுங்கள்.

பைபாஸ்_பாலு: அந்தக் கருவியை விற்பது யார், கமிஷன் எவ்வளவு?

திண்ணை_வாத்தியார்: கொசுவர்த்தி?

கம்மாக்கரை: முதலில் தாத்தா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் கொசுவர்த்திக்கு வரலாம்.