கோ-டிரான்ஸ்போர்ட்: உடன்கடத்தலா, இணைக்கடத்தலா?

பரணி: காலரா பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏன் வேலை செய்கிறது என்ற பத்தியில் ‘கோ-டிரான்ஸ்போர்ட்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ‘இணைக்கடத்தல்’ என்று போடலாமா?

சிவராமன்: காலராவுக்கு ‘வாந்திபேதி’ என்ற நல்ல சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

பரணி: ஐயா, நோயின் பெயரைக் கேட்கவில்லை. குடலுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழைவதற்குத்தான் சொல் வேண்டும்.

தேன்மொழி: சர்க்கரை தெம்புக்குத்தானே? பேதியில் துவண்டு கிடப்பவருக்குச் சக்தி வேண்டும், அதனால் சேர்க்கிறார்கள். அப்படியானால் ‘ஆற்றல் கரைசல்’ என்றே சொல்லிவிடலாம்.

மருத்துவர் இளங்கோ: தேன்மொழி, சர்க்கரை உடம்புக்குச் சக்தி தரும் என்பது சரி. ஆனால் அது கரைசலில் இருப்பது அதற்காக இல்லை. காலரா நச்சு குடல் செல்லுக்குள் போய் ஒரு சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிவிடுகிறது. செல்லுக்குள் செய்தி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு ஏறிக்கொண்டே போகும். அதனால் குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தபடியே நிற்கும். குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். அரிசி கழுவிய தண்ணீர் போல, கடுமையான நேரத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வரை கூட வெளியேறும். சோடியம் உள்ளே வரும் வழக்கமான வழியையும் நச்சு அடைத்துவிடுகிறது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஆனால் ஒரு வழியை நச்சு தொடுவதில்லை. அங்கே ஒரு குளுக்கோஸ் வந்தால் இரண்டு சோடியம் கூடவே உள்ளே போகும், ஒன்றில்லாமல் மற்றது நுழையாது. இரண்டும் போனதும் தண்ணீரும் போகும். சர்க்கரை இங்கே சோடியத்துக்கு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். அதனால் பரணி, ‘இணை’ எனக்குப் பிடிக்கவில்லை. இணைகோடுகள் போல இரண்டும் தனித்தனியே பக்கத்தில் ஓடுவதாகத் தோன்றும்.

கயல்: அப்படியென்றால் ‘உடன்போக்கு’! தலைவனும் தலைவியும் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள், பின்னால் செவிலி தேடிக்கொண்டு போகிறாள். தண்ணீர்தான் செவிலி. (ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்பதை அகத்திணைப் புலவர்கள் மன்னிக்கட்டும்.)

இளங்கோ: வகுப்பில் சொல்ல அருமை, கயல். நூலில் போட முடியாது. ‘உடன்’ மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: உடன்கடத்தல். எதிரெதிராகப் போவதற்கு எதிர்க்கடத்தல்.

சிவராமன்: ‘கடத்தல்’ என்றால் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வருகிறது. ‘உடன்’ என்பதை ‘உடனே’ என்றும் படிப்பார்கள்.

மீனா: நான் மொழி வல்லுநர் இல்லை, ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பேதியானபோது, ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் 200 மில்லி டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்தேன். பேதி அதிகமானது. இந்தக் கரைசல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதோ?

இளங்கோ: அம்மா, கரைசல்மேல் தப்பில்லை, தண்ணீர்தான் குறைந்துவிட்டது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த கலவையை ஒரு லிட்டரில் கரைத்தால், கரைந்திருக்கும் துகள்களின் செறிவு லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 290. கரைசல் சற்று நீர்த்திருப்பதால் தண்ணீர் உடம்புக்குள் எளிதாகப் போகும். நீங்கள் செய்ததில் அது ஐந்து மடங்காகி 1225 ஆகிவிட்டது. அப்போது தண்ணீர் இரத்தத்திலிருந்து குடலுக்கு இழுக்கப்படும். இரத்தத்தில் சோடியம் ஏறும் ஆபத்தும் உண்டு. தாகம் அடங்காது, எரிச்சலும் குழப்பமும் வரலாம்.

சரியாகக் கரைத்தாலும் பேதி உடனே நிற்காது. நச்சு பிடித்த செல்கள் உதிர்ந்து புதியவை வரச் சில நாள் ஆகும். அதுவரை போகிற அளவுக்கு உள்ளே விடுவதுதான் வேலை. ஆனால் நாடி பிடிபடாமல், குடிக்கக்கூட முடியாமல் கிடப்பவருக்கு வாய்வழி போதாது, நரம்பில் ஏற்ற வேண்டும்.

தேன்மொழி: அப்போ 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் கரைசலை டிரம்களில் வைத்துக் கொடுத்தது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால்தானா?

இளங்கோ: ஆமாம், மேற்கு வங்கத்தின் பொன்காவில் அதுதான் நடந்தது. உறவினர்களே புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

பரணி: ‘ஆற்றல் கரைசல்’ வேண்டாம் என்பது முடிவு. மீனா அக்கா சொன்னதைப் பெயர் இல்லாமல் கையேட்டில் சேர்க்கிறேன். இப்போதைக்கு ‘உடன்கடத்தல்’ போடுகிறேன். அப்புறம் இன்னொன்று: ‘ரீஹைட்ரேஷன்’ என்பதற்கு ‘நீரேற்றம்’ என்று எழுதினால், மோட்டார் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது என்று ஒருவர் படித்துவிட்டார்.

சிவராமன்: ‘நீரீடு’. இழந்ததை ஈடுசெய்வதுதானே?

கயல்: ‘முதலீடு’ மாதிரி ஒலிக்கிறதே ஐயா.